கோடுகள் பேசும்போது

ஒரு தாளின் நடுவே ஒரு சொல்லை எழுதி, அதைச் சுற்றி வட்டமிட்டு, அவ்வட்டத்திலிருந்து கிளைகள் பிரித்து, கிளை நுனிகளில் தோன்றிய எண்ணங்களையெல்லாம் குறித்து வைப்பது எண்ண வரைபடம். இங்கிலாந்தைச் சேர்ந்த டோனி பூசான் 1970களில் இம்முறையை உலகெங்கும் பரப்பினார். எண்ணங்களைத் திரட்டுவதற்கு இது எளிய முறை. எது முன், எது பின் என்னும் கவலை இதில் இல்லை. நினைவுக்கு வந்தது எதுவாயினும் அதற்குத் தாளில் ஓர் இடம் உண்டு.

கட்டுரையோ வேறு இயல்பு கொண்டது. வரைபடத்தைக் காண்பவர் அதன் எல்லாக் கிளைகளையும் ஒரே பார்வையில் காண்கிறார். கட்டுரையைப் படிப்பவர் ஒரு வாக்கியத்தைக் கடந்த பின்னரே அடுத்த வாக்கியத்தை அடைகிறார். பரப்பாகக் கிடப்பதை வரிசையாக நிறுத்த வேண்டியிருப்பதால், வரைபடத்திலிருந்து கட்டுரைக்கு நேரே தாவுபவர் பெரும்பாலும் இடறுகிறார். இரண்டுக்கும் இடையே நிற்கும் படிதான் குறிப்புச் சட்டகம். அதனை அமைக்கும் முறையை ஒரு மாணவியின் கட்டுரையைக் கொண்டு காணலாம்.

தாளில் நிறைந்தவை

வேளச்சேரியில் வாழும் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்திக்குத் தன் நகரத்தின் நீரைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. தாளின் நடுவே ‘சென்னையின் நீர்’ என்று எழுதினாள். கால் மணி நேரத்தில் கிளைகள் தாளை நிறைத்தன. மழை, ஏரிகள், 2015 வெள்ளம், 2019 வறட்சி, தண்ணீர் லாரி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, மழைநீர் சேகரிப்பு, பள்ளிக்கரணை, குப்பை, கொசு, வர்தா புயல் எனப் பதினொரு கிளைகள். அவற்றிலிருந்து சிறு கிளைகளும் பிரிந்தன. வெள்ளம் என்பதன் கீழே, ‘பாட்டி வீட்டில் இடுப்பளவு நீர்’ என்று குறித்திருந்தாள். வறட்சி என்பதன் கீழே, ‘பாட்டி தெருவில் குடங்களின் வரிசை’ என்று இருந்தது.

இவ்வரைபடத்தை அப்படியே சட்டகமாக்கினால், பதினொரு கிளைகளும் பதினொரு உட்தலைப்புகளாகும். மழையைப் பற்றி ஒரு பத்தி, ஏரியைப் பற்றி ஒரு பத்தி, கொசுவைப் பற்றி ஒரு பத்தி என்று எழுதி, இறுதியில் நீரைக் காப்போம் என்று முடிக்கலாம். அதில் செய்திகள் இருக்கும். ஆயினும் எதையும் நிறுவாது. பத்திகளை எவ்வாறு இடம் மாற்றி வைத்தாலும் பொருள் மாறாது. பட்டியலைக் கட்டுரையிலிருந்து பிரித்தறியும் எளிய சோதனை இதுவே: இரண்டு பத்திகளை இடம் மாற்றிய பின்னும் எதுவும் குலையவில்லையெனில், அங்கு வரிசை என ஒன்று அமையவே இல்லை.

ஊமைக் கோடுகள்

குறை எண்ணங்களில் இல்லை; அவற்றை இணைக்கும் கோடுகளில் இருக்கிறது. ‘மழை’யையும் ‘வெள்ள’த்தையும் ஒரு கோடு இணைக்கிறது. ‘வெள்ள’த்தையும் ‘கொசு’வையும் மற்றொரு கோடு இணைக்கிறது. முதற்கோடு காரணத்தைக் குறிக்கிறது. இரண்டாவது கோடு விளைவைக் குறிக்கிறது. ‘வறட்சி’யிலிருந்து ‘தண்ணீர் லாரி’க்குச் செல்லும் கோடோ ஒரு தற்காலிகத் தீர்வைக் குறிக்கிறது. ஆயினும் தாளில் மூன்றும் ஒரே மாதிரியான கோடுகளே. இவை ஒன்றோடொன்று தொடர்புடையன என்பதற்கு மேல் அக்கோடுகள் எதையும் சொல்வதில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் ஜோசப் நோவாக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1970களில் உருவாக்கிய கருத்து வரைபடம் இந்தக் குறையை நீக்குகிறது. அதில் ஒவ்வொரு கோட்டின் மீதும் ஓர் இணைப்புச் சொல் எழுதப்பட வேண்டும். இரு முனைகளையும் கோட்டின் மீதுள்ள சொல்லையும் சேர்த்துப் படித்தால் ஒரு வாக்கியம் கிடைக்க வேண்டும் என்பது அதன் விதி.

மாணவி செய்ய வேண்டிய முதற்பணியும் இதுவே. ஒவ்வொரு கோட்டின் மீதும் ‘ஆதலால்’, ‘ஆயினும்’, ‘எடுத்துக்காட்டாக’, ‘இதைத் தடுக்கிறது’, ‘இதன் ஒரு பகுதி’ போன்ற ஒரு சொல்லை எழுதினாள். சில கோடுகளின் மீது எழுத எந்தச் சொல்லும் கிடைக்கவில்லை. ‘வர்தா புயல்’ என்பதை மையத்தோடு இணைத்த கோடு அத்தகையது. 2016 திசம்பரில் வந்த அப்புயல் நகரின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. சென்னையின் பேரிடர்களை எண்ணியபோது அது நினைவுக்கு வந்ததேயன்றி, நீரைப் பற்றிய எந்த வாக்கியத்திலும் அது அமையவில்லை. சொல் ஏற்காத கோடு, கட்டுரைக்குள் இடம்பெறத் தகுதியற்ற கிளையைக் காட்டிக் கொடுக்கிறது.

மையச் சொல்லும் மையக் கூற்றும்

அடுத்து, கட்டுரை எதை நிறுவப் போகிறது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். வரைபடத்தின் நடுவிலுள்ள சொல்லே கட்டுரையின் மையம் என்று கருதுவது பொதுவான பிழை. ‘சென்னையின் நீர்’ என்பது தலைப்பு. அதை ஏற்கவும் இயலாது, மறுக்கவும் இயலாது. கட்டுரைக்கு வேண்டியது மையக் கூற்று. அது முழு வாக்கியமாக இருத்தல் வேண்டும். அறிவுள்ள ஒருவர் ‘அப்படியா? எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

மாணவி முதலில், ‘நீர் உயிர்களுக்கு இன்றியமையாதது’ என்று எழுதினாள். அது வாக்கியம்தான். ஆயினும் அதை மறுப்பவர் எவரும் இல்லாமையால், நிறுவுவதற்கும் எதுவும் இல்லை. மேலும், அதை எழுதுவதற்கு அவளுடைய வரைபடமே தேவையில்லை.

நல்ல மையக் கூற்று பெரும்பாலும் நடுவட்டத்தில் பிறப்பதில்லை. தொலைவிலுள்ள இரு கிளைகளின் நுனிகளை ஒரு குறுக்குக்கோடு இணைக்கும்போது பிறக்கிறது. தாளின் இடப்பக்க மூலையில் பாட்டி வீட்டின் இடுப்பளவு நீர். வலப்பக்க மூலையில் பாட்டி தெருவின் குடங்களின் வரிசை. இரண்டும் ஒரே தெரு. இடையில் நான்கே ஆண்டுகள். அவ்விரண்டையும் இணைத்த கோட்டின் மீது எந்தச் சொல்லை எழுதுவது? ‘ஆயினும்’ என்று எழுதினால் வியப்பு மட்டுமே எஞ்சும். ‘இரண்டுக்கும் ஒரே காரணம்’ என்று எழுதினால் ஒரு கூற்று தோன்றும். அவள் இரண்டாவதைத் தேர்ந்தாள்: ‘சென்னையின் வெள்ளமும் வறட்சியும் இரு வேறு சிக்கல்கள் அல்ல, மழைநீரைத் தேக்கி வைத்த இடங்களை நகரம் இழந்ததே இரண்டுக்கும் காரணம்.’

இக்கூற்று இன்னும் முற்றானதன்று. சான்றுகளைத் தேடும்போது அது திருத்தம் பெறும். ஆயினும் கிளைகளைப் பிரித்தெடுக்கும் சல்லடை இப்போது கிடைத்துவிட்டது. இக்கூற்றைத் தாங்கும் கிளைகளும், இதை எதிர்க்கும் கிளைகளும் உள்ளே வரும். இரண்டுமல்லாதவை வெளியே நிற்கும். கொசு வெள்ளத்தின் விளைவே எனினும், வெள்ளத்தின் காரணத்தைப் பற்றி எதையும் கூறாமையால் விலக்கப்பட்டது.

பகுதிகளும் அவற்றின் நிரலும்

எஞ்சிய கிளைகளைப் பகுதிகளாகத் தொகுக்கும்போது, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சொல்லைத் தலைப்பாக்குவதைக் காட்டிலும் ஒரு வாக்கியத்தை அமைப்பதே பயன் தரும். ‘ஏரிகள்’ என்ற தலைப்பின் கீழ் ஏரியைப் பற்றிய எதையும் எழுதலாம். ‘மிகுந்த மழையைத் தேக்கி, குறைந்த காலத்துக்குக் கொடுப்பதற்கு இப்பகுதியில் ஏரிகள் இருந்தன’ என்ற வாக்கியத்தின் கீழ் அவ்வாறு எழுத இயலாது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதை அவ்வாக்கியமே சொல்லிவிடுகிறது.

பகுதிகளின் வரிசையை முடிவு செய்வதில் மாணவிக்கு இரு வழிகள் இருந்தன. ஒன்று காலவரிசை: 2015, பின்னர் 2019. மற்றொன்று காரணவரிசை: மழையின் இயல்பு, அதற்கேற்ற ஏரிகள், அவற்றின் இழப்பு, இழப்பின் விளைவுகள். காலவரிசையில் வெள்ளமும் வறட்சியும் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே காரணம் என்று கூறும் கட்டுரையில் அவை ஒரே பகுதிக்குள் அருகருகே நிற்க வேண்டும். எனவே காரணவரிசையே பொருந்தியது. எந்த வரிசை சிறந்தது என்னும் வினாவுக்குப் பொதுவான விடை இல்லை; மையக் கூற்றே அவ்விடையைத் தருகிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ‘பள்ளிக்கரணை’ என்ற கிளை நான்கு இடங்களோடு இணைந்திருந்தது. தென்சென்னையின் மழைநீரை ஏற்கும் சதுப்புநிலம் என்பதால் ஏரிகளோடு அதற்குத் தொடர்புண்டு. அதன் ஒரு பகுதியில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு அமைந்திருப்பதால் குப்பையோடும் தொடர்புண்டு. அது சுருங்கியதால் இழப்போடும், சுற்றியுள்ள பகுதிகளில் நீர் தேங்குவதால் வெள்ளத்தோடும் தொடர்புண்டு. வரைபடத்தில் ஒரு கிளைக்கு நான்கு கோடுகள் இருக்கலாம். கட்டுரையில் ஒரு செய்தி ஓரிடத்தில்தான் முழுமையாகக் கூறப்படும். எந்தப் பகுதி அச்செய்தி இல்லாவிடில் நிற்க இயலாதோ, அப்பகுதியில் அதை வைத்தல் வேண்டும். பள்ளிக்கரணை இல்லாவிடில் வலுவிழப்பது இழப்பைப் பற்றிய பகுதி. ஆகவே அங்கு அது விரிவாகவும், விளைவைப் பற்றிய பகுதியில் ஒரு தொடராகவும் இடம்பெற்றது. குப்பை என்னும் தனிக்கிளை அதற்குள் அடங்கிவிட்டது.

சான்றுக்கு ஒதுக்கிய இடங்கள்

ஒவ்வொரு பகுதி வாக்கியத்தின் கீழும், அதை மெய்ப்பிக்க எத்தகைய சான்று தேவை என்பதை முதலில் எழுதி, அதற்கு எதிரே இடம் விட வேண்டும். சான்று கையில் இருப்பதற்கு முன்பே அதன் வகையைத் தீர்மானிப்பது இம்முறையின் உயிர்நாடி. எண் வேண்டுமா, நிகழ்ச்சி வேண்டுமா, ஆவணம் வேண்டுமா, கண்டவர் கூற்று வேண்டுமா என்பதை வாக்கியம்தான் சொல்ல வேண்டும். கையில் கிடைத்த செய்தியை எங்காவது நுழைக்கும் பழக்கம் இதனால் நீங்குகிறது.

மாணவியின் சட்டகம் இவ்வாறு அமைந்தது:

1. சென்னைக்குப் போதிய மழை உண்டு. அது சில வாரங்களில் கொட்டிவிடுகிறது.
   சான்று (எண்): ஆண்டு சராசரி மழை ஏறத்தாழ 1400 மி.மீ.; அதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை.
2. அம்மழையைத் தேக்குவதற்கு இப்பகுதியில் ஏரிகள் இருந்தன.
   சான்று (செயல்முறை): ஓர் ஏரியின் கலிங்கு வழியே வழியும் மிகைநீர் அடுத்த ஏரிக்குச் சென்ற முறை.
3. நகரம் வளர்ந்தபோது அவ்விடங்கள் குறைந்தன.
   சான்று (நிகழ்ச்சி): மாம்பலத்து நெடிய ஏரி 1920களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவானது, பள்ளிக்கரணை சுருங்கியது.
   சான்று (எண்): மறைந்த ஏரிகளின் எண்ணிக்கை — ______
4. இழப்பின் விளைவு மிகுமழையில் வெள்ளமாகவும், குறைமழையில் வறட்சியாகவும் வெளிப்பட்டது.
   சான்று (நிகழ்ச்சி): 2015 திசம்பர் வெள்ளம், 2019 சூலையில் சோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் வந்த குடிநீர்.
   சான்று (கண்டவர் கூற்று): பாட்டி.
5. மறுப்பு: மழையின் அளவே காரணம், நிலத்தின் இழப்பு அன்று.
   சான்று (எதிர்ச்சான்று): 2015இன் மிகுமழை, 2018இல் பொய்த்த பருவமழை.
6. ஆகவே, கடல்நீர் ஆலைகள் மட்டும் போதா. தேக்கும் இடங்களையும் மீட்க வேண்டும்.
   சான்று (ஒப்பீடு): ஆலை குடிநீர் தரும், வெள்ளத்தைக் குறைக்காது. 2003இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு நிலத்தடிக்கு நீரை அனுப்பும்.

மூன்றாம் பகுதியில் ஓர் இடம் வெறுமையாக உள்ளது. வரைபடத்தில் மாணவி ‘நூற்றுக்கணக்கான ஏரிகள் மறைந்தன’ என்று எழுதியிருந்தாள். அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது விடை இல்லை. வரைபடத்தில் அது மற்றக் குறிப்புகளைப் போலவே உறுதியாகத் தோன்றியது. சட்டகத்தில் சான்றுக்கென இடம் விட்டபோதுதான் அங்கு சான்று இல்லை என்பது தெரிந்தது. இப்பயனுக்காகவே அவ்விடத்தை வெற்றாக விட வேண்டும். ‘எண்ணற்ற’, ‘ஏராளமான’ போன்ற அடைமொழிகளால் நிரப்பிவிடக் கூடாது.

வெற்றிடம் தோன்றினால் செய்யத்தக்கவை இரண்டு. நம்பத்தக்க ஆவணத்திலிருந்து அந்த எண்ணைத் தேடலாம். கிடைக்காவிடில், கூற்றைச் சான்றின் அளவுக்குச் சுருக்கலாம். மாணவி இரண்டாவதைச் செய்தாள். ‘நூற்றுக்கணக்கான ஏரிகள்’ என்பதை நீக்கிவிட்டு, தெளிவாகத் தெரிந்த இரு இடங்களை மட்டும் விளக்கினாள். கூற்றின் பரப்பு சுருங்கியது, உறுதி மிகுந்தது.

பாட்டியின் சான்றுக்கும் அளவுண்டு. வீட்டுக்குள் நீர் எவ்வளவு உயர்ந்தது, குடத்தோடு எத்தனை மணி நேரம் காத்திருக்க நேர்ந்தது என்பவற்றை அவரைவிட நன்கு அறிந்தவர் இல்லை. ஆயின் அந்நீர் ஏன் வந்தது என்பதை அவருடைய நினைவால் மெய்ப்பிக்க இயலாது. விளைவுக்கு அவர் சான்று; காரணத்துக்கு அல்லர். எனவே அவருடைய இடம் நான்காம் பகுதியே. மூன்றாம் பகுதி அன்று.

ஐந்தாம் பகுதிதான் கட்டுரையின் மையத்தையே மாற்றியது. 2015இல் பெய்தது வழக்கத்துக்கு மிகவும் மாறான மழை. 2019இல் ஏரிகள் வறண்டதற்கு முன் ஆண்டின் பருவமழை பொய்த்ததும் காரணம். இவ்விரு சான்றுகளையும் எழுதியவுடன், ‘இழந்ததே இரண்டுக்கும் காரணம்’ என்ற கூற்று மிகையானது என்பது புலப்பட்டது. மாணவி அதனை இவ்வாறு திருத்தினாள்: ‘மழையின் மிகுதியும் குறைவும் இயற்கை, அவை சென்னையில் வெள்ளமாகவும் வறட்சியாகவும் முற்றியதற்கு, மழைநீரைத் தேக்கிய இடங்களை நகரம் இழந்தது ஒரு முதன்மையான காரணம்.’ எதிர்ச்சான்றுக்கு இடம் ஒதுக்காத சட்டகத்தில் இத்திருத்தம் நிகழ்ந்திருக்காது. அதே வினாவைக் கட்டுரையைப் படிப்பவரே எழுப்பியிருப்பார்.

சட்டகத்தைச் சோதித்தல்

சட்டகம் முடிந்ததும் சான்றுகளை மறைத்துவிட்டு, பகுதி வாக்கியங்கள் ஆறையும் தொடர்ச்சியாகப் படித்துப் பார்க்க வேண்டும். அவை தமக்குள்ளேயே ஒரு சிறு பத்தியாக ஒழுகினால் நிரல் சரியானது. ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்ததற்குச் செல்ல ‘ஆதலால்’, ‘ஆயினும்’ போன்ற சொல் இயல்பாகப் பொருந்த வேண்டும். ‘மேலும்’ என்பது மட்டுமே மீண்டும் மீண்டும் பொருந்துமானால், கட்டுரை பட்டியலாகத் திரும்பிவிட்டது என்று அறியலாம்.

நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் மூன்று, வரைபடத்திலிருந்து சட்டகத்துக்கு வரும் வழியில் நேர்பவற்றோடு நன்கு பொருந்துகின்றன. பள்ளிக்கரணையை நான்கு பகுதிகளிலும் விளக்கினால் அது கூறியது கூறல். வர்தா புயலை விடாமல் பிடித்துக்கொண்டால் அது மற்றொன்று விரித்தல். வெள்ளத்தை உணர்ச்சியோடு தொடங்கி, தீர்வைப் பற்றி இரண்டு வரியில் முடித்தால் அது சென்று தேய்ந்திறுதல். மூன்றையும் சட்டகத்திலேயே கண்டுகொள்ளலாம். ஒரே சான்று இரண்டு பகுதிகளில் இருக்கிறதா, எந்தப் பகுதி வாக்கியத்துக்கும் மையக் கூற்றுக்கும் தொடர்பு அறுந்திருக்கிறதா, பிற்பகுதிகளில் சான்றிடங்கள் மெலிந்திருக்கின்றனவா என்று பார்த்தாலே போதும். முழுக் கட்டுரையை எழுதிய பின் இவற்றை நீக்குவது கடினம்; ஒரு பக்கச் சட்டகத்தில் ஒரு கோடு அடித்தால் முடிந்துவிடும்.

சட்டகம் எல்லாவற்றையும் செய்துவிடாது. வாக்கியத்தின் அழகையோ சொல்லின் பொருத்தத்தையோ அது தருவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது புதிய எண்ணம் தோன்றினால் சட்டகத்தைத் திருத்த வேண்டியும் வரும். அப்போதும் கேட்க வேண்டியது ஒன்றே: அவ்வெண்ணத்தை மையக் கூற்றோடு இணைக்கும் கோட்டின் மீது எந்தச் சொல் நிற்கும்?

மாணவியின் தாளில் பதினொரு கிளைகள் இருந்தன; கொசுவும் வர்தா புயலும் கட்டுரைக்குள் வரவில்லை. அவை பயனற்றவை அல்ல. மழைக்காலத்தில் நோய் பரவும் வகையைப் பற்றியோ, நகரில் எந்த மரங்களை நட வேண்டும் என்பதைப் பற்றியோ எழுதும் நாளில் அவையே கூற்றைத் தாங்கும் பகுதிகளாகலாம். இந்தக் கட்டுரைக்குள் வந்தவை வேறு: ஒரு தெருவில் ஒருமுறை இடுப்பளவு நின்ற நீரும், அதே தெருவில் நான்காண்டு கழித்துக் குடங்களுக்கு எட்டாமற் போன நீரும். அவற்றின் நடுவே வரைந்த கோட்டின் மீது இப்போது ஒரு வாக்கியம் நிற்கிறது. அதைத் தாங்கச் சான்றுகளும் நிற்கின்றன.